40, 40, 10, 10: ஸ்மித்ஸ் குழு கலைந்த கணக்கு

கூட்டாகத் தொழில் நடத்தியவர்கள் பிரியும்போது அவர்களுடைய கணக்கை முடித்துக் கொடுப்பது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் வழக்கமான வேலைகளில் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவரும் எனக்கு ஒன்று பழகிவிட்டது. பிரிகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் பிரிவின் காரணமாக இருப்பதில்லை. 'அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை' என்று ஒருவர் சொல்வார். பேரேட்டைப் புரட்டினால், நான்கு ஆண்டுகளாக அவர் ஒருவரே வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் கடன்காரர்களுக்கும் அலைந்திருப்பதும், அதை மற்றவர்கள் ஒரு வேலையாகவே கருதாமல் இருந்ததும் தெரியவரும். ராக் இசைக்குழுக்கள் கலையும்போது அறிவிக்கப்படும் 'இசை சார்ந்த கருத்து வேறுபாடு' என்ற காரணத்தையும் நான் இந்தப் பழக்கத்தோடுதான் படிக்கிறேன். அது பொய்யான காரணம் இல்லை. ஆனால் வரிசையில் அது கடைசியாக வந்து நிற்பது.

இதை ஒரே ஒரு குழுவை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் 1982-இல் தொடங்கி 1987-இல் கலைந்த தி ஸ்மித்ஸ் அந்தக் குழு. நான் கல்லூரியில் படித்தபோது, நண்பன் ஒருவனின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடா வழியாக அவர்களுடைய பாடல்கள் என்னிடம் வந்தன. அந்த கிட்டார் ஒலி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, அந்தக் குழுவின் வழக்கைப் பற்றித் தொழில்முறையில் படிக்க நேர்ந்தபோதுதான், நான் நேசித்த நால்வரும் சட்டத்தின் கண்ணில் ஒரு கூட்டாண்மை நிறுவனம் என்பதும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத கூட்டாண்மை என்பதும் எனக்குப் புரிந்தன.

நால்வரில் பாடகர் மாரிசி பாடல் வரிகளை எழுதினார். கிட்டார் வாசித்த ஜானி மார் இசையமைத்தார். பள்ளிக் காலத்திலிருந்தே மாரின் நண்பரான ஆண்டி ரூர்க் பேஸ் கிட்டாரும், மைக் ஜாய்ஸ் டிரம்ஸும் வாசித்தார்கள். 1983-இல் ரஃப் டிரேடு என்ற சிறிய சுயேச்சை இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனபோது அதில் கையெழுத்திட்டவர்கள் மாரிசியும் மாரும் மட்டுமே. அப்போது மாருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. முதல் பாடல் வெளிவந்த பரபரப்பில் இருக்கும் நான்கு இளைஞர்கள் யார் கையெழுத்திட்டது, யார் இடவில்லை என்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கவலைப்பட வேண்டிய நேரமும் அதுதான்.

ஒரு ராக் குழுவுக்குப் பணம் எந்தெந்த வழிகளில் வருகிறது என்பதை இங்கே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பிரிவின் பாதி அதில் இருக்கிறது. முதல் வழி பாடலை இயற்றியவருக்குரிய ராயல்டி. வரிகளும் மெட்டும் யாருடையவையோ அவர்களுக்கே அது போகும். வானொலியில் பாடல் ஒலித்தாலும், வேறொருவர் அதைப் பாடிப் பதிவு செய்தாலும், இயற்றியவருக்குப் பணம் வரும். இரண்டாவது வழி ஒலிப்பதிவுக்கான ராயல்டி. விற்கும் இசைத்தட்டுக்கு இசை நிறுவனம் குழுவுக்குத் தருவது அது. மூன்றாவது வழி மேடை நிகழ்ச்சிகளிலும் அங்கே விற்கும் சட்டை, சுவரொட்டி போன்றவற்றிலும் வருவது. ஸ்மித்ஸ் பாடல்களின் கீழே 'மாரிசி, மார்' என்ற இரு பெயர்கள் மட்டுமே இருந்தன. ஆகவே முதல் வழியில் வந்த பணம் அவர்கள் இருவருக்கே சேர்ந்தது. ரூர்க்கும் ஜாய்ஸும் அதை நீதிமன்றத்தில்கூட மறுக்கவில்லை. சிக்கல் மற்ற இரண்டு வழிகளில் இருந்தது. அந்த வருமானத்தை மாரிசிக்கு 40, மாருக்கு 40, ரூர்க்குக்கு 10, ஜாய்ஸுக்கு 10 சதவீதம் என்று பிரித்தார்கள்.

கணக்கு எளிது, ஒரு கற்பனைத் தொகையை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். பாடலை இயற்றியதற்காக 100 ரூபாயும், ஒலிப்பதிவுக்காக 100 ரூபாயும் வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் நூறில் மாரிசிக்கும் மாருக்கும் ஆளுக்கு 50. இரண்டாவது நூறில் ஆளுக்கு 40. மொத்தம் 200 ரூபாயில் இந்த இருவரும் ஆளுக்கு 90 ரூபாய் பெற, டிரம்ஸ் வாசித்தவருக்கு 10 ரூபாய் வருகிறது. ஒலிப்பதிவு வருமானத்தை நால்வரும் சமமாகப் பிரித்திருந்தால் இருவருக்கு 75 ரூபாயும், மற்ற இருவருக்கு 25 ரூபாயும் வந்திருக்கும். அப்போதும் பாடலை எழுதியவர்களுக்கு மும்மடங்கு கிடைக்கிறது. முந்தைய முறையிலோ ஒன்பது மடங்கு. ஒரே வேனில் பயணம் செய்து, ஒரே மேடையில் ஒன்றரை மணி நேரம் வியர்க்கும் நால்வரிடையே இந்த ஒன்பது மடங்கு என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. இசையைப் பற்றி எழுதுபவர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. பாடலை இயற்றியவருக்கு வீட்டில் இருந்தாலும் பணம் வருகிறது. இயற்றாதவருக்கோ பெரும்பாலும் குழு பயணம் போனால்தான் பணம். ஆகவே 'இந்த ஆண்டு சுற்றுப்பயணம் போகலாமா, ஓய்வெடுக்கலாமா' என்ற கேள்வி எழும்போது இரு தரப்பும் வெவ்வேறு பசியோடு விடை சொல்கின்றன. எழுதுகிறவர் களைத்துப்போய் ஓய்வு கேட்கும்போது அது மற்றவருக்கு வருமான இழப்பாகத் தெரிகிறது. மற்றவர் பயணம் போக விரும்பும்போது அது எழுதுகிறவருக்குத் தன்மீது ஏற்றப்படும் சுமையாகத் தெரிகிறது. யாரும் பேராசைக்காரர் இல்லை. பிரித்த விகிதமே அவர்களை எதிரெதிராக நிறுத்திவிடுகிறது.

பேஸ் கிட்டார் வாசிப்பு இயற்றுதலில் சேருமா என்பது நீண்ட நாள் சர்ச்சை. தொழில் வழக்கப்படி மெட்டும் வரிகளும் சேர்ந்ததுதான் பாடல். பேஸும் டிரம்ஸும் அதை வாசிக்கும் முறை மட்டுமே. ரூர்க்கின் வாசிப்பைக் கேட்ட எனக்கு இந்த வழக்கம் நியாயமாகப் படவில்லை. அவர் கிட்டாரின் பின்னால் நடந்து போகிறவர் இல்லை. பல பாடல்களில் அவருடைய பேஸ் தனியொரு மெட்டாகவே ஓடுகிறது, அதை நீக்கிவிட்டால் பாடலின் முகம் மாறிவிடும். ஆனால் மாரின் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. மெட்டு அவருடையது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிட்டார் ஒலிகள் அவருடையவை, ஒலிப்பதிவுக் கூடத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் பங்கு என்பது தவறான கோரிக்கை இல்லை. அதை நால்வரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டு எழுதிவைக்காததுதான் தவறு.

அடுத்து, நிர்வாக வேலையின் பளு. தொடக்கத்தில் இவர்களுக்கு ஜோ மாஸ் என்ற மேலாளர் இருந்தார். மான்செஸ்டரில் துணிக்கடை நடத்திய, இவர்களைவிட மிகவும் மூத்தவர். ஒத்திகைக்கு இடம் கொடுத்து, கைப்பணம் செலவழித்து இவர்களை வளர்த்தவர். அவர் மிகத் தொடக்கத்திலேயே, முதல் தொகுப்பு வெளிவரும் காலத்தை ஒட்டி, விலகிவிட்டார். அதன்பிறகு வந்த மேலாளர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒரு ராக் குழுவின் மேலாளர் செய்யும் வேலைகளை எண்ணிப் பார்த்தால்தான் இந்த வெற்றிடத்தின் அளவு தெரியும். இசை நிறுவனத்தோடு பேசுவது, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களிடம் முன்பணம் வாங்குவது, வண்டி, விடுதி, ஒலிக்கருவி ஆட்கள், அவர்களுடைய அன்றாடப் படி, வரிக்கணக்கு என்று அது நீள்கிறது. அதோடு, பாடகருக்குப் பிடிக்காத செய்தியை அவரிடம் சொல்வதும், 'முடியாது' என்று வெளியாரிடம் சொல்வதும் மேலாளரின் வேலைதான். மேலாளர் இல்லாத இடத்தில் இவை மறைந்துவிடுவதில்லை. குழுவில் மறுக்கத் தெரியாத ஒருவர் தலையில் போய் உட்காருகின்றன. ஸ்மித்ஸ் குழுவில் அந்தத் தலை மாருடையது. இசையமைப்பாளர், கிட்டார் கலைஞர், ஒலிப்பதிவில் முக்கியப் பொறுப்பாளர் ஆகிய மூன்று வேலைகளோடு நான்காவதாக நிர்வாகமும் அவரிடம் வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு.

1986-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மூன்றாவது தொகுப்பு தயாராகியும், ரஃப் டிரேடு நிறுவனத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறால் பல மாதங்கள் வெளிவராமல் கிடந்தது. ஜூன் மாதத்தில்தான் வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஹெராயின் பழக்கத்தில் சிக்கியிருந்த ரூர்க் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, சில வாரங்களில் திரும்ப அழைக்கப்பட்டார். அவருக்குப் பதிலாகப் பேசி வைத்திருந்த கிரெய்க் கேனன் இரண்டாவது கிட்டார் கலைஞராகச் சேர்க்கப்பட்டார். கோடையில் கனடாவும் அமெரிக்காவும் சென்ற சுற்றுப்பயணம் ஜூலை இறுதியில் தொடங்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி ஃபுளோரிடாவில் நடந்த நிகழ்ச்சியோடு அதை நிறுத்தி, மீதமிருந்த 4 நிகழ்ச்சிகளையும் ரத்து செய்தார்கள். மார் அப்போது அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தார் என்பதை அவரே பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டது. நவம்பரில் மார் கார் விபத்தில் சிக்கினார். டிசம்பர் 12 அன்று லண்டனின் பிரிக்ஸ்டன் அகாடமியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. நால்வரும் சேர்ந்து இங்கிலாந்தில் வாசித்த கடைசி மேடை அதுதான்.

சுற்றுப்பயணக் களைப்பு என்பது தூக்கமின்மை மட்டும் இல்லை. பயணத்தின்போது குழுவின் எந்தப் பிரச்சினையும் தீராது, தள்ளிப்போடப்படும். நாளைக்கு வேறு ஊரில் நிகழ்ச்சி இருக்கும்போது இன்றிரவு பங்குக் கணக்கைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நாங்கள் கல்லூரியில் நான்கு பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் விழாக்களில் வாசித்தோம். வாடகைக்கு எடுத்த பெருக்கிக் கருவி ஒரு நிகழ்ச்சியில் பழுதானது. அதைச் சரிசெய்ய ஆன செலவை யார் தருவது என்பதை 'அடுத்த நிகழ்ச்சி முடியட்டும்' என்று மூன்று முறை தள்ளிப்போட்டோம். கடைசியில் பணம் கட்டியவன் நான்காவது நிகழ்ச்சிக்கு வரவில்லை. அவன் அப்போது சொன்ன காரணம், நாங்கள் தேர்ந்தெடுத்த பாடல்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது. அவன் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். மனம் கசந்தபின் பாடல்களும் உண்மையாகவே பிடிக்காமல் போய்விடுகின்றன.

ஸ்மித்ஸ் குழுவிலும் இசை வேறுபாடு இப்படித்தான் கடைசியில் வந்தது. 1987 வசந்தத்தில் நான்காவது தொகுப்பைப் பதிவு செய்து முடித்தார்கள். பதிவு நடந்த நாட்கள் மகிழ்ச்சியானவை என்றே நால்வரும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இது முக்கியமான சான்று. இசையில் உண்மையாகவே முறிவு இருந்திருந்தால் அது அந்தக் கூடத்தில் தெரிந்திருக்க வேண்டும். அதன்பின் மே மாதத்தில், ஒரு தனிப்பாடல் தட்டின் மறுபக்கத்துக்காக, லண்டனின் ஸ்ட்ரெத்தம் பகுதியில் மீண்டும் கூடினார்கள். மார் ஓய்வு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே மாரிசியின் விருப்பப்படி, 1960-களில் சில்லா பிளாக் என்ற பாடகி பாடிய பாடல் ஒன்றைத் திரும்பப் பாடிப் பதிவு செய்தார்கள். சில்லா பிளாக்கின் பாடல்களை வாசிக்கவா நான் குழு தொடங்கினேன் என்று மார் பின்னாளில் கேட்டார். இந்தக் கேள்வி பிரிவுக்கான காரணமாகப் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பாப் பாடல்களின் மீதான காதல்தான் மாரையும் மாரிசியையும் முதலில் இணைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே பாடலை மாரே சிரித்துக்கொண்டு வாசித்திருக்கக்கூடும். ஓய்வில்லாத ஒருவர் விரும்பாத அறையில் விரும்பாத நாளில் வாசித்ததால்தான் அந்தப் பாடல் அவ்வளவு கனத்தது.

ஆனால் இன்னொரு வேறுபாடு உண்மையாகவே இருந்தது. மார் மற்றவர்களோடும் இசைக்க விரும்பினார். பாடகர் பிரையன் ஃபெர்ரியோடு அவர் வேலை செய்தார். ஸ்மித்ஸ் பாடல்கள் உருவான முறை இருவர் மட்டுமே புழங்கும் சிறிய அறை போன்றது. மார் மெட்டை ஒலிநாடாவில் பதிந்து தருவார், மாரிசி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வரிகளோடு திரும்புவார். அந்த அறையிலிருந்து ஒருவர் அவ்வப்போது வெளியே போனால் மற்றவருக்கு அது துரோகமாகத் தெரியும், போகிறவருக்கோ அது மூச்சுக்காற்று. இருவரையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆகஸ்ட் தொடக்கத்தில், ஸ்மித்ஸ் கலைகிறது என்று இசை வார இதழ் ஒன்று செய்தி வெளியிட்டது. முடிவெடுக்காமல் இருந்த மார், செய்தி எங்கிருந்து போயிருக்கும் என்ற சந்தேகத்தோடு இருந்து, கடைசியில் தானே அந்த இதழை அழைத்து விலகலை உறுதி செய்தார். அவருக்கு அப்போது 23 வயது. மற்ற மூவரும் வேறொரு கிட்டார் கலைஞரை வைத்துச் சில நாட்கள் முயன்று கைவிட்டார்கள். நான்காவது தொகுப்பு செப்டம்பரில் வெளிவந்தபோது அதை வாசிக்கக் குழு இல்லை. பெரிய நிறுவனமான இஎம்ஐ-யோடு புதிதாகச் செய்திருந்த ஒப்பந்தத்தில் ஸ்மித்ஸ் ஒரு பாடலைக்கூடப் பதிவு செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. ரூர்க்கும் ஜாய்ஸும் தங்களுக்குச் சமபங்கு வேண்டும் என்று சட்ட நடவடிக்கை எடுத்தார்கள். பண நெருக்கடியில் இருந்த ரூர்க் 1989-இல் 83,000 பவுண்டும், இனி வரும் ராயல்டியில் பழைய 10 சதவீதமும் போதும் என்று சமாதானம் செய்துகொண்டார். ஜாய்ஸ் விடவில்லை. 1996 டிசம்பரில் லண்டனில் உயர் நீதிமன்றம் விசாரித்தது. தீர்ப்பின் அடிப்படை மிகப் பழைய ஒரு சட்டம். பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வேறுவிதமான உடன்பாடு இல்லாதபோது கூட்டாளிகள் இலாபத்தில் சமபங்கு பெறுவார்கள் என்கிறது. நம் நாட்டின் 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அலுவலகத்தில் நான் வாரம் ஒருமுறையாவது யாருக்காவது எடுத்துச் சொல்லும் விதி என்பதால், அதை இந்தக் குழுவின் கதையில் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆகவே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி '10 சதவீதம் நியாயமா' என்பது இல்லை. '10 சதவீதத்துக்கு ஜாய்ஸ் ஒப்புக்கொண்டாரா' என்பதே. ஒப்புக்கொண்டார் என்பதை மாரிசியும் மாரும் நிறுவ வேண்டியிருந்தது. கையெழுத்திட்ட தாள் எதுவும் இல்லை. அந்த விகிதத்தைக் காட்டிய கணக்கறிக்கை ஜாய்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அதன் பொருளை உணராத ஒருவர் மறுக்காமல் இருந்தது சம்மதம் ஆகிவிடாது என்று நீதிமன்றம் கொண்டது. பாடல் இயற்றுதல் தவிர்த்த வருமானத்தில் ஜாய்ஸுக்கு 25 சதவீதம் உண்டு என்று தீர்ப்பானது. அவருக்குச் சேர வேண்டிய பழைய பாக்கி ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. மாரிசி செய்த மேல்முறையீடு 1998 நவம்பரில் தள்ளுபடியானது. வணிக நிறுவனங்களில் நான் அடிக்கடி பார்ப்பதும் இதுதான். சமமற்ற பங்கு சட்டத்துக்கு உடன்பாடானதே. ஆனால் அதை எல்லோரும் அறிந்து ஒப்புக்கொண்டதற்கு ஒரு தாள் வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1980-இல் தொடங்கிய ஆர்.இ.எம். குழுவைச் சொல்வேன். யார் மெட்டமைத்தாலும் பாடலின் கீழே நால்வரின் பெயரையும் போட்டார்கள். பணத்தைச் சமமாகப் பிரித்தார்கள். முக்கிய முடிவுகளுக்கு நால்வரின் சம்மதமும் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். பெர்டிஸ் டவுன்ஸ் என்ற வழக்கறிஞர் தொடக்க காலத்திலிருந்தே கூட இருந்தார். ஆகவே எழுதுகிறவருக்கும் எழுதாதவருக்கும் இடையே பயணம் பற்றிய அந்த இழுபறிக்கு அங்கே இடமில்லாமல் போனது. ஆயினும் இந்த ஏற்பாட்டால் காக்க முடியாத ஒன்று உண்டு, அது உடல். 1995 மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரிக்கு மூளை இரத்தநாளக் கசிவு ஏற்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைத்து, பயணத்தைத் தொடர்ந்து, 1997-இல் விலகினார். தான் போனால் குழு கலையும் என்றால் போகமாட்டேன் என்று அவர் மற்றவர்களிடம் சொல்ல, அவர்கள் தொடர்வதாக வாக்களித்தார்கள். 2011 வரை தொடர்ந்தார்கள். நான்கு பேர் ஒரு முடிவை எப்படிப் பேசி எடுப்பது என்பது அவர்களுக்கு அப்போது பதினேழு ஆண்டுப் பழக்கம்.

ஸ்மித்ஸ் நால்வரும் 1987-க்குப் பின் ஒரு மேடையில் சேர்ந்து நிற்கவே இல்லை. 2022-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மார் வாசித்தபோது ரூர்க் மேடையேறி அவரோடு சேர்ந்து வாசித்தார். மறு ஆண்டு மே மாதம் கணையப் புற்றுநோயால் ரூர்க் இறந்தார், வயது 59. அவர் மறைந்த செய்தியை வெளியுலகுக்குச் சொன்னவர் அவருடைய பள்ளித் தோழரான மார்.